குயவர் சக்கரத்தின் வேகம் 60, 60, 90 என்று குதிக்கிறது: எண்ணுவதா, நேரம் பார்ப்பதா?

களிமண்கை (சனி, இரவு 10:42)

வணக்கம். பிடோக்கில் எங்கள் வீவக வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறிய குயவர் சக்கரம் செய்திருக்கிறேன். மனைவி சமூக மன்றத்தில் மண்பாண்டம் வனையக் கற்றுக்கொண்டு வந்தாள், கடையில் சக்கரத்தின் விலையைக் கேட்டு இருவரும் அமைதியாகத் திரும்பிவிட்டோம். அதனால் ஒரு டிசி மோட்டார், பெல்ட், பெரிய புல்லி என்று நானே இறங்கினேன்.

சக்கரத்தின் தண்டில் 20 வெட்டு உள்ள ஒரு அக்ரிலிக் வட்டு. அது யு வடிவ ஒளி சென்சார் ஒன்றின் நடுவே ஓடுகிறது. சிம் லிம் டவரில் வாங்கிய சாதாரண எல்எம்393 பலகைதான். ஆர்டுவினோ ஊனோ 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பல்ஸ்களை எண்ணி ஆர்பிஎம் காட்டுகிறது. சக்கரம் ஒரே சீராகச் சுற்றுவது கண்ணுக்கே தெரிகிறது. வட்டில் கோடு போட்டு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், 70 ஆர்பிஎம். திரையிலோ 60, 60, 90, 60, 60, 90. இந்த எண்ணை வைத்துத்தான் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறேன். அதனால் சக்கரம் விக்கல் எடுப்பதுபோல் ஓடுகிறது. சென்சார் கெட்டதா?

யீஷூன்வாசி (சனி, இரவு 11:05)

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எண்ணும் நேரம் போதவில்லை. 0.1 விநாடியில் ஒரு பல்ஸ் கூடினால் விநாடிக்கு 10 பல்ஸ், அதாவது அரைச் சுற்று, அதாவது 30 ஆர்பிஎம். உங்கள் திரைக்கு 60-க்கும் 90-க்கும் நடுவில் வேறு எண்ணே தெரியாது. ஒரு விநாடி எண்ணுங்கள், படி 3 ஆர்பிஎம் ஆகிவிடும். கூடவே பல்ஸ் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு விளிம்பையும் எண்ணினால் 1.5 ஆர்பிஎம். செலவில்லாத வேலை.

களிமண்கை (ஞாயிறு, காலை 9:20)

ஒரு விநாடியாக மாற்றினேன். திரை அமைதியாகிவிட்டது, சக்கரம் மோசமாகிவிட்டது. மனைவி மண்ணை நடுவுக்குக் கொண்டுவரக் கையால் அழுத்தும்போது வேகம் இறங்குகிறது. அது ஆர்டுவினோவுக்குத் தெரிய ஒரு விநாடி ஆகிறது. அது பதறிப்போய் மின்சாரத்தை ஏற்றும்போது அவள் கையை எடுத்திருப்பாள். நேற்று ஒரு கிண்ணம் சுவருக்குப் போனது.

பாலி_மாணவன் (ஞாயிறு, காலை 10:02)

எண்ணுவதை விட்டுவிடுங்கள் அண்ணே. ஒரு வெட்டு வந்த நேரத்தை `micros()` வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வெட்டு வந்ததும் கழியுங்கள். 70 ஆர்பிஎம்மில் இரண்டு வெட்டுக்கு நடுவே 42.86 மில்லிவிநாடி. ஊனோவின் `micros()` 4 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை நகரும். 42,860-இல் 4 என்பது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் புதிய வேகம் கிடைக்கும், காத்திருக்க வேண்டாம். எப்போதும் இந்த முறைதான் சரி. எண்ணுவதெல்லாம் பழங்காலத்து வழி.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (ஞாயிறு, பிற்பகல் 1:15)

தம்பி சொன்னதில் பாதி சரி. "எப்போதும்" என்பதை மட்டும் அழித்துவிடுங்கள். நீங்கள் பாலியில் எந்த மோட்டாரை அளந்தீர்கள்?

பாலி_மாணவன் (ஞாயிறு, பிற்பகல் 1:31)

சின்ன ஃபேன் மோட்டார் ஐயா, 12,000 ஆர்பிஎம். அதுவும் 20 வெட்டுதான். உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் குதித்தது. 11905, 12000, 12097 என்று மூன்றே எண்கள் மாறி மாறி வரும். மோட்டார் கோளாறு என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (ஞாயிறு, பிற்பகல் 2:10)

மோட்டார் மேல் பழி போட்டுவிட்டீர்கள். 12,000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 4000 வெட்டு, இரண்டு வெட்டுக்கு நடுவே 250 மைக்ரோவிநாடி. உங்கள் கடிகாரம் 4, 4-ஆகத் தாண்டும். அதற்கு 248 தெரியும், 252 தெரியும், 250 தெரியாது. 60,000,000-ஐ 20-ஆலும் 248-ஆலும் வகுத்துப் பாருங்கள், 12,097 வரும். 252 போட்டால் 11,905. நடுவில் உள்ள 12000 உங்கள் நிரல் இரண்டு அளவைச் சேர்த்துச் சராசரி எடுத்ததால் வந்திருக்கும். அதே மோட்டாரை 0.1 விநாடி எண்ணியிருந்தால் 400 பல்ஸ், ஒன்று முன்னே பின்னே போனாலும் 30 ஆர்பிஎம்தான் பிழை. அங்கே பழங்காலத்து வழி ஜெயிக்கிறது.

எண்ணும் முறையில் தவறுவது ஒரு பல்ஸ். பல்ஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. நேரம் பார்க்கும் முறையில் தவறுவது கடிகாரத்தின் ஒரு துடிப்பு. பல்ஸ் எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது. இரண்டும் எங்கேயோ ஒரு இடத்தில் சமமாக வேண்டும் அல்லவா? கடிகாரம் விநாடிக்கு 2,50,000 துடிப்பு, எண்ணும் நேரம் 0.1 விநாடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்குச் சுமார் 1580 பல்ஸ். 20 வெட்டுக்கு அது ஏறக்குறைய 4740 ஆர்பிஎம். அதற்குக் கீழே நேரம் பாருங்கள், மேலே எண்ணுங்கள். குயவர் சக்கரம் அந்தப் பக்கமே போகாது. அதனால் களிமண்கைக்குத் தம்பி சொன்னதுதான் வழி.

ஆனால் செய்து பார்த்ததும் வேறொரு குதிப்பு வரும். வந்ததும் சொல்லுங்கள்.

மாவரைக்கும்_அக்கா (ஞாயிறு, மாலை 6:48)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக எங்கள் வெட் கிரைண்டரின் வேகத்தை அளக்கிறோம். உளுந்து அதிகம் போட்டால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. வட்டு மாட்ட இடமில்லை. அதனால் பாத்திரத்தைச் சுற்றி 20 கறுப்புப் பட்டை, 20 வெள்ளைப் பட்டை ஒட்டி, ஒளி பட்டுத் திரும்புவதைப் பார்க்கும் சென்சார் வைத்தோம். பகலில் சரியாக இருக்கிறது. இரவில் கிரைண்டரை நிறுத்தியே வைத்திருந்தாலும் 300 ஆர்பிஎம் காட்டுகிறது. 299 இல்லை, 301 இல்லை, சரியாக 300. பேய் ஓட்டுகிறதா?

யீஷூன்வாசி (ஞாயிறு, மாலை 7:03)

அக்கா, வயர் தளர்வாக இருக்கும். மாற்றிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (ஞாயிறு, இரவு 8:20)

வயராக இருந்தால் கண்டபடி காட்டும், சரியாக 300-இல் நிற்காது. சமையலறையில் குழல்விளக்குதானே? இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த விளக்கு ஒரு அலைக்கு இரண்டு தடவை, விநாடிக்கு 100 தடவை மினுக்கும். உங்கள் சென்சார் விளக்கைப் பட்டை என்று எண்ணுகிறது. 100-ஐ 20-ஆல் வகுத்தால் விநாடிக்கு 5 சுற்று, நிமிடத்துக்கு 300. கணக்கு பிசகவில்லை.

சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் தாளைக் குழாய்போல் சுருட்டி, பட்டைக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி வரும்வரை நீட்டிவிடுங்கள். அப்புறம் விளக்கைப் போட்டு, கிரைண்டரை நிறுத்தி, திரை 0 காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் அளக்க வேண்டும். ஓடும்போது இந்தக் கோளாறு தெரியாது. பட்டையும் விளக்கும் கலந்து ஏதோ ஒரு நம்பும்படியான எண்ணைக் காட்டும்.

களிமண்கை (திங்கள், இரவு 11:30)

ஐயா, நீங்கள் சொன்ன குதிப்பு வந்துவிட்டது. வெட்டுக்கு வெட்டு நேரம் பார்த்தால் 60, 83, 60, 83 என்று வருகிறது. நடுநடுவே திடீரென்று 9000-க்கு மேல். முன்பாவது 60, 90 என்று இரண்டு எண்தான்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (செவ்வாய், காலை 7:40)

60, 83 என்று ஜோடியாக வருகிறது என்றால் யீஷூன்வாசி சொன்னபடி இரண்டு விளிம்பையும் வைத்திருக்கிறீர்கள். வட்டில் வெட்டு ஒரு அகலம், அடுத்த பல் வேறு அகலம். ஒரு பாதி 18 மில்லிவிநாடி, மறு பாதி 25 மில்லிவிநாடி போகும். இரண்டும் சேர்ந்தால்தான் 43. எண்ணும்போது இது தெரியாது, நேரம் பார்க்கும்போது நேராக முகத்தில் அறையும். `attachInterrupt`-இல் `CHANGE` இருந்தால் `RISING` ஆக்குங்கள்.

9000 வேறு நோய். வெட்டின் ஓரம் மெதுவாகக் கடக்கும்போது ஒளி பாதி மறைந்த நிலையில் அந்தப் பலகை ஆம், இல்லை, ஆம் என்று தடுமாறும். ஒரு வெட்டுக்கு இரண்டு மூன்று பல்ஸ் வந்துவிடும். உங்கள் சக்கரம் மெதுவாக ஓடுவதால் இது அதிகம். நல்ல வைத்தியம், சென்சாருக்கும் ஆர்டுவினோவுக்கும் நடுவே ஒரு ஷ்மிட் டிரிகர் சிப்பும் அதன் முன் சிறிய ஃபில்டரும். சுலப வைத்தியம், மிகச் சிறிய இடைவெளியில் வரும் பல்ஸை நிரலிலேயே தள்ளிவிடுவது. தள்ளும்போது கடைசி நேரத்தை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அடுத்த நல்ல அளவும் கெடும்.

யீஷூன்வாசி (செவ்வாய், காலை 8:15)

நான் எண்ணும் முறைக்குத்தான் இரண்டு விளிம்பு சொன்னேன். பதிவு செய்துகொள்ளவும்.

களிமண்கை (புதன், இரவு 10:05)

இரண்டும் போய்விட்டன, நன்றி. இப்போது 68-லிருந்து 72 வரை மெதுவாக ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை. கூடவே 7-ஆவது வெட்டு மட்டும் எப்போதும் 66 காட்டுகிறது. எந்த வெட்டு என்று தெரிய ஒன்றில் நகச்சாயம் வைத்தேன், மனைவியுடையது. சக்கரம் உண்மையிலேயே அப்படி ஓடுகிறதா, வட்டு பொய் சொல்கிறதா?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (வியாழன், காலை 6:55)

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கடிகாரம் இப்போது வட்டைவிடத் துல்லியமாகிவிட்டது, அதனால் வட்டின் குற்றமெல்லாம் வெளியே வருகிறது.

வட்டைத் தண்டில் தளர்த்தி 5 வெட்டு திருப்பி மாட்டுங்கள். சக்கரம் உண்மையில் ஏறி இறங்கினால் உச்சம் வேறு வெட்டுக்கு நகரும். வட்டின் குற்றம் என்றால் அதே வெட்டிலேயே நிற்கும், ஏனென்றால் குற்றம் வட்டோடு சேர்ந்து திரும்பிவிட்டது. 7-ஆவது வெட்டு சந்தேகமில்லாமல் வெட்டியதில் வந்த பிழை. மெதுவாக ஏறி இறங்குவது வட்டின் நடுத்துளை ஓரம் தள்ளியிருப்பதாக இருக்கும். வெட்டுகள் இருக்கும் ஆரம் 11 மில்லிமீட்டர் என்று வையுங்கள். துளை 0.3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் 0.3-ஐ 11-ஆல் வகுக்க, ஏறக்குறைய 2.7 சதவீதம் மேலும் கீழும் போகும். 70-க்கு அது 68-லிருந்து 72. உங்கள் எண்ணோடு ஒத்துப்போகிறதே.

பரிகாரம் வட்டை மாற்றுவது அல்ல. ஒரு வெட்டை அதே வெட்டோடு ஒப்பிடுங்கள். இப்போது வந்த வெட்டின் நேரத்திலிருந்து 20 வெட்டுக்கு முன் இதே வெட்டு வந்த நேரத்தைக் கழியுங்கள். முழுச் சுற்று. எந்த வெட்டு எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் புது எண் கிடைக்கும்.

```cpp
const uint8_t N = 20;
volatile uint32_t t[N], rev = 0, last = 0;
volatile uint8_t i = 0;

void slot() {
  uint32_t now = micros();
  if (now - last < 700) return;
  rev = now - t[i];
  t[i] = now;
  last = now;
  i = (i + 1) % N;
}
```

60,000,000-ஐ `rev`-ஆல் வகுத்தால் ஆர்பிஎம். முதல் 20 வெட்டு குப்பை, அதைத் தூக்கிப் போடுங்கள்.

பாலி_மாணவன் (வியாழன், காலை 9:12)

ஐயா, அந்த 700-ஐ 250-க்குக் கீழே இறக்கினால் இது என் ஃபேன் மோட்டாருக்கும் சரிவருமே? 20 வெட்டுக்கு 5000 மைக்ரோவிநாடி, அதில் 4 தவறினால் 10 ஆர்பிஎம்தான். எண்ணும் முறையின் 30-ஐவிடக் குறைவு. அப்படியானால் நீங்கள் சொன்ன 4740 எல்லை?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (வியாழன், பிற்பகல் 12:30)

பிடித்துவிட்டீர்கள். அந்த எல்லை ஒரே ஒரு வெட்டின் நேரத்தைப் பார்ப்பவனுக்கு. பல வெட்டை எண்ணி, முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டு வரை கடிகாரம் பார்த்தால் பல்ஸும் பாதியில் வெட்டுப்படாது, கடிகாரப் பிழையும் கரைந்துபோகும். அப்புறம் இது எண்ணும் முறையா நேர முறையா என்று சண்டை போட ஒன்றுமில்லை. அறிக்கையைத் திருத்திவிடுங்கள், மோட்டார் நிரபராதி.

களிமண்கை (வெள்ளி, இரவு 11:48)

வட்டைத் திருப்பி மாட்டினேன். 7-ஆவது 7-ஆவதாகவே நின்றது, உச்சமும் நகரவில்லை. முழுச் சுற்று முறையில் திரை 70.1, 70.0, 70.2. அழகு. ஆனால் பழைய வியாதி திரும்பிவிட்டது. ஒரு சுற்றுக்கு 0.86 விநாடி, அவ்வளவு நேரத்துச் சராசரியைத்தான் பார்க்கிறேன். மண்ணை அழுத்தினால் தாமதமாகத்தான் தெரிகிறது.

பாலி_மாணவன் (சனி, காலை 10:20)

ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் பிழையை ஒரு பட்டியலாகச் சேமித்து, வெட்டுக்கு வெட்டு திருத்தலாமே? சீராக ஓடவிட்டு 50 சுற்றுக்குச் சராசரி எடுத்தால் பெல்ட்டால் வரும் ஏற்ற இறக்கம் வட்டோடு ஒத்துப்போகாததால் அழிந்துவிடும், வட்டின் பிழை மட்டும் மிஞ்சும்.

யீஷூன்வாசி (சனி, காலை 10:41)

மின்சாரத்தை அணைத்துப் போட்டால் எது முதல் வெட்டு என்று எப்படித் தெரியும்? அதற்கு இன்னொரு சென்சார் வேண்டும். வட்டை ஏன் மோட்டார் தண்டிலேயே மாட்டக்கூடாது? மோட்டார் வேகமாகச் சுற்றும், முழுச் சுற்று சீக்கிரம் முடியும்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (சனி, பிற்பகல் 3:00)

யீஷூன்வாசி, இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். களிமண்கை, புல்லி விகிதம் என்ன?

களிமண்கை (சனி, பிற்பகல் 3:25)

ஏறக்குறைய 8.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (சனி, பிற்பகல் 4:10)

அப்படியானால் 70-க்கு மோட்டார் 560. முழுச் சுற்று 0.107 விநாடி. உங்கள் பழைய 100 மில்லிவிநாடியில் 30 ஆர்பிஎம் படி இருந்தது, இப்போது அதே தாமதத்தில் சக்கரத்தில் 0.01 ஆர்பிஎம்கூட இல்லை. சக்கரம் 240-இல் ஓடினாலும் விநாடிக்கு 640 வெட்டுதான், ஊனோ சிரமப்படாது. மண்குழம்பு தெறித்து வெட்டை அடைக்கும் தொல்லையும் கீழே குறைவு.

களிமண்கை (செவ்வாய், இரவு 10:15)

மாட்டிவிட்டேன். மண்ணை அழுத்தினாலும் வேகம் அசையவில்லை. ஆனால் ஞாயிறு இரவு ஒரு விபத்து. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று முழு வேகத்துக்கு எகிறி மண்குழம்பு கூரை வரை போனது. பதிவைப் பார்த்தால் ஒரே ஒரு முறை வேகம் 0 என்று வந்திருக்கிறது. நின்றுபோனால் வெட்டே வராது, பழைய எண் அப்படியே நிற்கும் என்பதால் இப்படி ஒரு வரி சேர்த்திருந்தேன்:

```cpp
if (micros() - last > 300000) rpm = 0;
```

பாலி_மாணவன் (செவ்வாய், இரவு 10:50)

அண்ணே, எனக்கும் இது நடந்தது! `micros()` படித்த பிறகு, `last` படிப்பதற்குள் இன்டரப்ட் வந்துவிட்டால் `last` பெரிதாகிவிடும். சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் குறியில்லாத எண்ணில் 400 கோடிக்கு மேல் வரும். 300000-ஐத் தாண்டிவிட்டது, வேகம் 0. அதோடு ஊனோ 8 பிட் என்பதால் 32 பிட் எண்ணை நான்கு துண்டாகப் படிக்கும், நடுவிலும் மாறலாம். மூன்றையும் பூட்டிக்கொண்டு படியுங்கள்:

```cpp
noInterrupts();
uint32_t r = rev, l = last, n = micros();
interrupts();
```

பிறகு `n - l` வைத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (புதன், காலை 7:05)

சபாஷ். இன்னொன்று. 0 என்று அளவு வந்ததும் முழு மின்சாரம் கொடுக்கும் நிரல் ஆபத்தானது. சென்சார் வயர் கழன்றாலும் 0-தான் வரும். மோட்டாருக்கு மின்சாரம் போயும் வெட்டு வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், ஏற்றாதீர்கள்.

மாவரைக்கும்_அக்கா (புதன், காலை 9:30)

கறுப்புத் தாள் குழாய் வைத்தோம். நின்றால் 0. மகன் விளக்கின் 300-ஐயும் செயல்திட்டத்தில் எழுதிவிட்டான், ஆசிரியருக்கு உளுந்தைவிட அதுதான் பிடித்ததாம்.

களிமண்கை (ஞாயிறு, மாலை 5:40)

ஒரு கடைசிச் சந்தேகம். பழைய வட்டைச் சக்கரத்தில் கழற்றாமல் விட்டிருந்தேன், அதன் சென்சாரை மூன்றாவது பின்னில் கொடுத்து இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். சும்மா ஓடும்போது விகிதம் 8.05. இரண்டு கிலோ மண்ணை வைத்து மனைவி அழுத்தும்போது 8.20. மோட்டார் வேகம் அசையவில்லை என்று நான் பெருமைப்பட்டபோது சக்கரம் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர் (ஞாயிறு, மாலை 6:20)

பெல்ட் வழுக்குகிறது. இறுக்குங்கள்.

பாலி_மாணவன் (ஞாயிறு, மாலை 6:33)

இறுக்கினாலும் ரப்பர் பெல்ட் சுமையில் கொஞ்சம் நீண்டு ஊர்ந்துகொண்டுதான் இருக்கும் ஐயா. வேகமான திருத்தத்துக்கு மோட்டார் வட்டு, மெதுவான திருத்தத்துக்குச் சக்கர வட்டு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே?

யீஷூன்வாசி (ஞாயிறு, மாலை 6:50)

70-க்கு 68.7. கிண்ணம் வனைபவருக்கு அது தெரியுமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

களிமண்கை (ஞாயிறு, இரவு 9:02)

கேட்டேன். வேகம் தெரியவில்லையாம், பெல்ட் சத்தம்தான் தெரிகிறதாம். நாளை இறுக்கிப் பார்த்துவிட்டு விகிதத்தைப் போடுகிறேன்.